பூரட்டாதி முடியும் நேரம்

எனக்கும் றஞ்சித்துக்கும் எழுத்து முடிந்து நாலு மாதமாகியிருந்தது. பலெர்மோ நகரசபைக் கந்தோரான கொமூனேயில், நெஞ்சுக்குக் குறுக்கே மூவர்ணப் பட்டி போட்ட ஒருவருக்கு முன்னால் இருவரும் கையெழுத்து வைத்தோம். இத்தாலியின் கணக்கில் நாங்கள் புருசன் பெண்சாதி. எங்கள் சனத்தின் கணக்கில் தாலி ஏறும்வரை நாங்கள் ஒன்றுமேயில்லை. அதனால் அவர் நகரத்துக்கு வெளியே சியாகுல்லியில், தான் வேலை செய்த மண்டரீன் தோடம்பழத் தோட்டத்துச் சாமான் கொட்டிலில் படுத்தார். நான் வேலைக்கு நின்ற எசமானி, சிஞ்ஞோரா எமிலியானா வீட்டுக் குசினிக்குப் பக்கத்தில், பழைய பெட்டிகளும் இஸ்திரி மேசையும் போக மிஞ்சிய இடத்தில் படுத்தேன். காலை நீட்டினால் மேசைக்கால் இடிக்கும். ஆறு வருசமாக இடித்துக்கொண்டிருந்தது.

வியாழன் பின்னேரம் எனக்கு விடுதலை. றஞ்சித் ஒரு பை நிறைய மண்டரீன் கொண்டுவருவார். பெரிய ரயில் ஸ்டேசனான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு முன்னால் பஸ் நிற்கும் இடத்தில், வாங்கில் குந்தி இரண்டு பேரும் உரித்துச் சாப்பிடுவோம். அவர் அதிகம் கதைக்கமாட்டார். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பேன். தோல்களை வீணாக்காமல் கொண்டுபோய்த் தலையணைக்குக் கீழே வைப்பேன். அந்த வாசத்தோடு கண்ணை மூடினால் சுவர்கள் விலகிப் போகும். இரண்டு அறை, ஒரு பச்சை யன்னல், யன்னலுக்கு வெளியே இலைக்குள் இலையாக மண்டரீன் மரங்கள். அந்த வீட்டில் நான் நடந்து திரிவேன், கதவைத் திறப்பேன், மூடுவேன், அடுப்பில் என்னுடைய தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கும். காலையில் மேசைக்கால் இடிக்கும்.

அது வெறும் கனவு இல்லை. அந்த வீடு உண்மையாகவே இருந்தது. தோட்டத்தின் காவல்காரக் கிழவனும் மனைவியும் மகனிடம் போகிறார்கள். மார்ச் தொடக்கத்தில் வீடு காலியாகிறது. தோட்டத்துக்காரர் றஞ்சித்திடம் சொல்லியிருந்தார்: "உன் மனைவியோடு வந்து இரு. தனி ஆள் எனக்கு வேண்டாம். நீ வராவிட்டால் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவேன்." ஆகவே தாலி மாசி மாதத்துக்குள் ஏறவேண்டும். பங்குனியில் எங்கள் ஆட்கள் கலியாணம் செய்யமாட்டார்கள். சித்திரை வரை அந்த வீடு எங்களுக்காகக் காத்திருக்காது.

இதெல்லாம் தெரிந்த மனுசன்தான் ஜெயரட்ணம் அத்தான். றஞ்சித்தின் தமையன். தகப்பன் இல்லாத குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர், தம்பியை இத்தாலிக்குக் கூப்பிட்டவர், எல்லாம் சரி. ஆனால் அவரிடம் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அச்சடித்தது, யாரோ கொழும்பு வழியாகக் கொண்டுவந்தது. ஸ்டேசனுக்குப் பின்தெருவில் அவருடைய வீட்டுக் குசினியில், ஆணியில் தொங்கும். பலெர்மோவில் பிள்ளைக்கு முதல் சோறு தீத்துவதென்றாலும் காது குத்துவதென்றாலும் சனம் அந்த ஆணிக்குக் கீழேதான் வந்து நிற்கும். அத்தான் கையைக் கழுவி, கண்ணாடியைப் போட்டு, நீதவான் மாதிரி அதை இறக்குவார்.

மாசிப் பக்கத்தை நான் அவருக்குத் தெரியாமல் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாளுக்கு ஒரு வரி. முதலில் தேதி, கிழமை. பிறகு திதி, அது எத்தனை நாழிகைக்கு முடிகிறது. பிறகு நட்சத்திரம், அதற்கும் நாழிகை. கடைசியில் சுபநேரம், ராகுகாலம், எமகண்டம். எங்களுக்கோ ஞாயிறு மட்டும்தான். ஆளுக்கொரு சிஞ்ஞோராவைக் கவனிக்கும் சனத்தை வேறு நாளில் எப்படிக் கூட்டுவது? மாசியில் மிஞ்சியது நாலு ஞாயிறு. முதல் ஞாயிறு வெள்ளிக்கிழமைச் சந்திர கிரகணத்துக்கு மூன்றாம் நாள், தள்ளு. இரண்டாவது தேய்பிறை நவமி, தள்ளு. நாலாவது வளர்பிறை அட்டமி, அதையும் தள்ளு. மிச்சம் மூன்றாவது ஞாயிறு, மாசி இருபத்தொன்று. கரிநாளும் கழிந்த பிறகு வருவது. என் நட்சத்திரம் சித்திரை, அவருடையது கார்த்திகை, சந்திராட்டமம் இருவருக்கும் இல்லை. அன்றைக்குப் பிரதமை போய்த் துதியை வருகிறது. பூரட்டாதி போய் உத்திரட்டாதி வருகிறது. உத்திரட்டாதியும் துதியையும் தாலி கட்ட நல்லவை. பிரதமையும் பூரட்டாதியும் ஆகாது.

எல்லாம் அந்தப் 'போய், வருகிறது' என்பதில் நின்றது. எப்போது போகிறது, எப்போது வருகிறது?

அதைத் தீர்மானிக்கத்தான் மாசிப் பௌர்ணமி வெள்ளிக்கிழமை பின்னேரம் அத்தான் எங்களைக் கூப்பிட்டார். சிஞ்ஞோரா தங்கையின் வீட்டுக்குப் போனதால் எனக்கு ஐந்து மணிக்கே விடுதலை. அத்தானின் மனைவி சந்திரமதி அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்தார்.

"அம்பிகை, உன்ரை வாயைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு இரு. அவருக்கு எதிர்த்துக் கதைச்சா ஏறி நிண்டிடுவார்."

"நான் ஏன் அக்கா கதைக்கப் போறன்?" என்றேன். அக்கா சிரித்தார், அவருக்கு என்னைத் தெரியும்.

"இண்டைக்குச் சந்திர கிரகணம்," என்று அத்தான் தொடங்கினார். "இரவு பதினொரு மணிக்குப் பிடிக்குது எண்டு போட்டிருக்கு. அதுக்கு முன்னம் சமைச்சுச் சாப்பிட்டு முடிக்கவேணும். மதி, ஏழு மணிக்குள்ளை சாப்பாட்டை எடு. இப்ப நாளைப் பாப்பம்."

கையைக் கழுவினார். கண்ணாடியைப் போட்டார். விரல் மாசி இருபத்தொன்றுக்கு வந்து நின்றது.

"பூரட்டாதி பதினொரு நாழிகை. ஒரு நாழிகை இருபத்திநாலு நிமிசம். நாலரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறையும். இஞ்சை இப்ப சூரியன் ஆறரைக்கு உதிக்குது. கூட்டினா, கிட்டத்தட்டப் பதினொரு மணிக்குத்தான் பூரட்டாதி போகும். அதுக்குப் பிறகுதான் தாலி. ஜோக்கிம் மண்டபத்தை எத்தினை மணி மட்டும் தருவான்?"

ஜோக்கிம் மன்னார்க்காரர், வேதக்காரர், கத்தோலிக்கர். தேவாலயத்துப் பங்குச் சுவாமியோடு கதைத்து அங்கே மண்டபம் எடுத்துத் தந்தவர். "ஒன்பது மணி மட்டும், அண்ணை," என்றார் றஞ்சித். "பிறகு பூசைக்குப் பிள்ளையள் அங்கைதான் கூடுவினமாம்."

"அப்ப சரிவராது," என்று அத்தான் பஞ்சாங்கத்தை மூடினார். "சித்திரை பிறக்கட்டும், பாப்பம்."

மூடின சத்தம் எனக்கு மேசைக்கால் இடித்ததுபோல இருந்தது. றஞ்சித்தைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுசனுக்கு வாய்க்குள்ளே கொழுக்கட்டையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், அந்தப் பதினொரு நாழிகை ஊர்ச் சூரியன் உதிச்சதிலை இருந்தெல்லோ? ஊரிலை பதினொரு மணியாகேக்கை இஞ்சை ஆறரை. பூரட்டாதி இஞ்சை விடியமுதலே போயிடும்."

"பிள்ளை, நாழிகையை உதயத்திலை இருந்து எண்ணுறது சாத்திரம். நாங்கள் எங்கை இருக்கிறம்? பலெர்மோவிலை. அப்ப பலெர்மோ உதயம்."

"சந்திரன் ஒண்டுதானே அத்தான்? அது பூரட்டாதியை விட்டுப் போனா எல்லா ஊருக்கும் ஒரேயடியாப் போனதுதானே?"

"உமக்குக் கலியாண அவசரம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு எண்டு சும்மா சொல்லேல்லை."

உண்மையைச் சொன்னால் எனக்கும் நிச்சயம் இல்லை. அது ஆசை சொல்லித் தந்த கணக்கு. அந்தப் பச்சை யன்னலை நினைத்து நினைத்து நான் வளைத்த கணக்கோ என்று எனக்கே பயமாக இருந்தது. சாமி வரம் தந்தாலும் பூசாரி விடமாட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டு அக்காவுக்கு வெங்காயம் வெட்டப் போனேன். கண்ணீருக்கு அது நல்ல சாட்டு.

ஆறரை இருக்கும். அத்தானுக்கும் றஞ்சித்துக்கும் அக்கா சோறு போட்டார். அத்தான் பருப்பைப் பிசைந்து முதல் வாய் வைத்தார். நான் வெங்காயத் தோலைக் கொட்டப் பல்கனிக்குப் போனேன்.

கடல் பக்கத்துக் கூரைகளுக்கு மேலே முழு நிலவு ஏறியிருந்தது. கீழே பஸ்கள், கடலை விற்பவனின் புகை, வேலை முடிந்து போகும் சனம். நிலவின் ஒரு ஓரத்தில் அழுக்குப் பிடித்ததுபோல இருந்தது. கண்ணில் வெங்காயம் என்று நினைத்துத் துடைத்தேன். மறுபடி பார்த்தேன். அழுக்கு கொஞ்சம் பெருத்திருந்தது. கீழே ஒரு பெண், "மதோன்னா! லா லூனா!" என்று மாதாவைக் கூப்பிட்டு நிலவை நோக்கிக் கையை நீட்டினாள். கடலைக்காரனும் அண்ணாந்தான்.

"அத்தான்!" என்று கத்தினேன். "இஞ்சை ஓடிவாங்கோ! பிடிச்சிட்டுது!"

"என்ன பிடிச்சது? அடுப்போ?"

"சந்திரனை!"

அத்தான் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். வாய்க்குள் சோறு. மேலே கிரகணம். ஆயுளில் கிரகணத்துக்குள் ஒரு பருக்கை தொடாத மனுசன், விழுங்கவும் ஏலாமல் துப்பவும் ஏலாமல், கன்னம் புடைக்க நின்றார். சிரிப்பு வந்தது, அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அக்கா ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொப்பளித்துத் துப்பினார்.

எல்லாரும் பல்கனியில் நெருக்கி நின்று அண்ணாந்தோம். நிலவு கரைந்துகொண்டே போனது. முழுவதும் மறைந்துவிடும் என்று நினைத்தேன், மறையவில்லை. பழுத்த மண்டரீன் நிறத்தில், இருட்டுக்குள் மெல்லத் தொங்கியது. தெருவில் பஸ்கூட மெதுவாகப் போவதுபோல இருந்தது. அந்த வெளிச்சத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. ஊரில் இப்போது நடுச்சாமம். அம்மா விழித்திருந்தால் முற்றத்தில் நின்று இதைத்தான் பார்ப்பாள், இந்த நிமிசத்தில், இந்த நிறத்தில். ஆறு வருசத்தில் அம்மாவுக்கு இவ்வளவு கிட்ட நான் வந்ததில்லை.

"ஊரிலை பதினொரு மணிக்குத்தான் பிடிச்சிருக்கு," என்று அத்தான் கடைசியில் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. "இஞ்சை ஆறரை. ஒரே சந்திரன்தான்."

உள்ளே போனார். கிரகணம் விட்டபிறகு தலை முழுகி, விபூதி பூசிக்கொண்டு பஞ்சாங்கத்தை மறுபடி இறக்கினார். யாரும் கேட்காமலே மாசி இருபத்தொன்றைப் பார்த்தார். அன்றைக்கு விடியும்போதே உத்திரட்டாதி. விடியும்போதே துதியை. விடிந்து ஒரு மணித்தியாலம் கழியச் சுக்கிர ஓரை.

"ஏழே முக்காலுக்குத் தாலி," என்றார். "தோட்டத்துக்காரனுக்குச் சொல்லு தம்பி."

அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அது வாழ்த்து.

அன்றிலிருந்து அந்த மூன்றாவது ஞாயிறு வரை நான் மிதந்து திரிந்தேன். சிஞ்ஞோராவின் காப்பியில் உப்புப் போட்டேன். வுச்சீரியாச் சந்தைக்கு மீன் வாங்கப் போய்ப் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். "நீ எங்கே இருக்கிறாய், அம்பிகை?" என்று சிஞ்ஞோரா கேட்பாள். சியாகுல்லியில் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஊரில் அந்த ஞாயிறு பதினொரு மணி வரை ஆகாத நாள். எங்களுக்கோ அது கண் விழிக்கும்போதே நல்ல நாள். அப்படி ஒரு காலை எங்களுக்காகவே ஒதுக்கி வைத்திருந்ததுபோல இருந்தது. ஒரே ஒரு விசயம் மட்டும் கனவுக்கு நடுவில் குத்தியது. அன்றைக்கு றஞ்சித் எனக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. சந்திரன்தான் வந்து சொன்னது. சந்திரனோடா நான் குடும்பம் நடத்தப் போகிறேன்?

ஞாயிறும் வந்தது. மண்டபத்தில் நீளமாக ஒரு யன்னல். அதன் கீழே மணவறை, மண்டரீன் கிளைகளால் ஜோடித்தது. ஐயர் இல்லை, அத்தானே விளக்கேற்றித் தேவாரம் பாடினார். கெட்டிமேளத்துக்கு ஒரு டேப் ரெக்கோடர். ஜோக்கிம் அதன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, சைகைக்காகக் காத்திருந்தார். மணவறையில் தலை குனிந்து இருந்த எனக்கு அத்தானின் கைகள் மட்டும் தெரிந்தன. இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருந்தார். இடக்கையில் பலெர்மோ. வலக்கையில் ஊர்.

கிரகணத்தில் வாய் சுட்ட மனுசன், இனிப் பிழைக்கக்கூடாது என்று ஊரையே கையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

தாலித் தட்டு எல்லாரையும் சுற்றி வந்தது. அட்சதை கைகளில் ஏறியது. ஏழே முக்கால். அத்தான் தட்டை எடுத்தார், வலக்கையைப் பார்த்தார், அப்படியே நின்றார்.

"பொறுங்கோ! ஊரிலை இப்ப பன்னிரண்டே கால். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலை இருந்து ஒண்டரை மட்டும் எமகண்டம்! எமகண்டத்திலை தாலி கட்டேலாது!"

அட்சதையோடு எழும்பிய கைகள் இறங்கின. "ஊரிலை ஒண்டரை எண்டா இஞ்சை எத்தினை?" என்று யாரோ கேட்டார்கள். "ஒன்பது," என்றார் ஜோக்கிம் மெதுவாக. ஒன்பதுக்குப் பிள்ளைகள் வருவார்கள். வந்திருந்த பாதிப் பெண்கள் அதற்கு முதலே ஓடவேண்டும். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சிஞ்ஞோராக்களின் மேசை காத்துக்கொண்டிருக்கிறது.

"ஒன்பதைத் தாண்டினா மண்டபம் இல்லை அண்ணை," என்றார் ஜோக்கிம்.

"எமகண்டம் எமகண்டந்தான். முடியாட்டிச் சித்திரையிலை பாப்பம்."

அட, அறுந்த மணிக்கூடே! திதியையும் நட்சத்திரத்தையும் ஊர் நேரத்தில் இருந்து நாலரை மணித்தியாலம் கழித்து எடுக்கவேண்டும். அவை சந்திரன் நடக்கிற நடை. ராகுகாலம், எமகண்டம், ஓரை எல்லாம் சூரியனின் பகலைக் கூறுபோடுவது. அந்தந்த ஊர்ச் சூரியனுக்கு அந்தந்தக் கூறு. போன தடவை சந்திரனுக்குச் சூரியனின் கணக்கைப் போட்டார். இந்தத் தடவை சூரியனுக்குச் சந்திரனின் கணக்கைப் போடுகிறார். என் நாக்கு நுனியில் எல்லாம் நின்றது. ஆனால் மணவறையில் இருக்கும் பொம்பிளை வாய் திறந்தால் அந்தக் கதை பலெர்மோ முழுக்க ஓடும். உதட்டைக் கடித்தேன். பச்சை யன்னல் கண்ணுக்குள் மெல்ல மெல்ல மூடிக்கொண்டு போனது. கண்ணீர் கூறைச்சேலையில் விழுந்தது.

அப்போது எனக்குப் பக்கத்தில் சால்வை அசைந்தது.

"அண்ணை."

முதலில் யார் என்று எனக்கே விளங்கவில்லை.

"அண்ணை, எமகண்டம் சூரியன்ரை கணக்கு. ஊருக்கு ஊர் சூரியன் வேறை. நான் ஒவ்வொரு நாளும் மரத்திலை ஏறி நிண்டு பாக்கிறன், இஞ்சை எப்ப விடியுதெண்டு. இண்டைக்கு ஆறரைக்குத்தான் விடிஞ்சது. விடிஞ்சு ஒண்டேகால் மணித்தியாலந்தான் ஆகுது." றஞ்சித் கையை நீட்டி யன்னலைக் காட்டினார். "அந்த வெயிலைப் பாருங்கோ. இதிலை எங்கை அண்ணை மத்தியானம்?"

எல்லாரும் திரும்பினார்கள். இளவெயில் யன்னலால் சாய்ந்து வந்து, மண்டரீன் இலைகளின் நிழலை நிலத்தில் நீளமாகப் போட்டிருந்தது. மத்தியானத்து நிழல் அப்படி நீளாது. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அத்தான் தம்பியைப் பார்த்தார். அவருக்கு எதிரே தம்பி ஒருநாளும் இவ்வளவு கதைத்ததில்லை. கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் வெயிலைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார், கடைசியாக வலக்கையைப் பார்த்தார். அந்த மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"சரியடா," என்றார். "நீ சொல்லுறதுதான் சரி. ஜோக்கிம், தட்டு!"

ஜோக்கிம் பொத்தானை அமத்தினார். கெட்டிமேளம் கொட்டியது. றஞ்சித்தின் கை என் கழுத்துக்குப் பின்னால் போனது. முடிச்சு ஒரு தரம் வழுக்கி, மறு தரம் விழுந்தது. மண்டரீன் சாறு ஊறிய விரல்கள், வாசம் அப்படியே இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று சனம் கதைத்தது. அதுவும்தான். ஆனால் பாதி, அந்த மனுசன் வாயைத் திறந்ததற்கு.

"ஏன், கிரகணத்தண்டைக்கு நீங்கள் கதைக்கேல்லை?" என்று அன்று பின்னேரம் சியாகுல்லிக்குப் போகும் பஸ்ஸில் றஞ்சித்திடம் கேட்டேன்.

"அண்டைக்கு எனக்குத் தெரியாது," என்றார். "சந்திரனை நான் பாக்கிறேல்லை. சூரியனைத்தான் தெரியும்."

அடுத்த நாள் விடிய, பழக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு விழித்தேன். மேசைக்கால் இடிக்கும் என்று பயந்து மெல்ல நீட்டினேன். நீட்டிக்கொண்டே போனேன். ஒன்றும் இடிக்கவில்லை. பச்சை யன்னலுக்கு வெளியே இலைகளுக்கு நடுவில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. குசினியில் அவர் கேத்திலை வைக்கும் சத்தம் கேட்டது.

"அம்பிகை, எழும்பும்," என்று கூப்பிட்டார். "விடிஞ்சிட்டுது."